கூட்டம் என்றால் என்ன?

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருகிறது என்று என் வீட்டுக்காரர் அந்தோணிராஜ், கோயம்புத்தூரில் நாங்கள் இருக்கும் கணபதிப் பகுதி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வந்தால் வரட்டுமே! வர வேண்டிய இடத்தில் வராத கோபத்தை வைத்துக்கொண்டு என்ன, ஊறுகாயா போடுவது? அன்றைக்குச் செங்கோடன் அண்ணனின் பட்டறை மாடியில் நான் கத்தியது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக் கத்தியிருக்கலாம், அவ்வளவுதான்.

செங்கோடன் அண்ணன் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அதற்கு அடுத்த கதவு என் வீட்டுக்காரரின் மோட்டார் வைண்டிங் கடை. இரண்டு பேரும் இருபது வருஷமாக ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடிப்பவர்கள். அண்ணனுக்கு ஒருநாள் யோசனை வந்தது: வாடகையில் கிடக்கிற நாமெல்லாம் சேர்ந்து ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினால் என்ன? சரவணம்பட்டிக்கு அப்பால் ஆவாரங்காடு என்று ஒரு பூமி. சங்கமாக வந்தால் மொத்தமாகக் கொடுக்கிறேன் என்று அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் குறைந்தது இருபத்தைந்து பேர் வேண்டும், அத்தனை பேரும் தனித்தனிக் குடும்பத்தவராக இருக்க வேண்டும். பட்டறைக்காரர்கள், கடைக்காரர்கள், அவர்களுடைய சொந்தங்கள் என்று இருபத்தேழு பேர் தேறினோம். பெரும்பாலும் கவுண்டர் வீட்டு ஆட்கள். எங்களையும் சேர்த்து எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த நாலு குடும்பம், வெள்ளிக்கிழமைதோறும் ஜெபம் நடத்தும் ஜெப்ரி தம்பியின் குடும்பம் ஒன்று, ஆக ஐந்து குடும்பம் கிறிஸ்தவர்கள்.

எங்கள் குடும்பத்திலிருந்து உறுப்பினராகச் சேர்ந்தது நான்தான். குடும்பத்துக்கு ஒருவர்தான் என்றதும், "நீயே சேந்துக்க அருளு, சண்டை போட ஒரு ஆளு உள்ள இருக்கோணுமல்ல," என்றார் என் வீட்டுக்காரர். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

ஏனென்று சொல்கிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் ஆறு வாடகை வீடு மாறியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வீடு தேடப் போகும்போது ஒரே கதை. மரியாதைக்குக் குறைச்சலே இருக்காது. உட்காருங்க என்பார்கள், மோர் கொடுப்பார்கள். அப்புறம் மெதுவாக, "ஏனுங்க, நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்பார்கள். இந்தப் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம். கவுண்டர் வீடுகளில் பெண் பார்ப்பதிலிருந்து பந்தியில் உட்காருவது வரை அந்தக் கேள்வி சாதாரணம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நமக்குத்தான் அதற்குப் பதில் கிடையாதே! "நாங்க வேதக்காரங்கங்க" என்றதும், "அப்புடிங்களா, சொல்லியனுப்பறமுங்க" என்பார்கள். சொல்லியனுப்பவே மாட்டார்கள். ஒரு தடவைகூட யாரும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. எனக்கு அதுதான் எரியும். எங்களைப் போகச் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லாத ஒரு வீடு, அதை நடத்துவதில் என் பேச்சுக்கும் ஓர் இடம், இதைத் தவிர நான் வேறெதுவும் கேட்கவில்லை.

சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைப்பதற்குப் பெயர் துணைவிதிகள். யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, எப்போது கூடுவது, யாருக்கு ஓட்டு, சண்டை வந்தால் யாரிடம் போவது எல்லாம் அதில்தான். அதை நாமே எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டு, விண்ணப்பத்தோடு வீட்டுவசதித் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவு செய்த பிறகுதான் அது செல்லும். கூட்டுறவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற ராமுலு சார் ஒரு மாதிரி விதித்தொகுப்பு கொடுத்தார். அதைப் பார்த்து எங்களுக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டு வருவது செங்கோடன் அண்ணனின் பொறுப்பு. அண்ணன் எழுதி, டைப் அடித்து, ஆளுக்கொரு பிரதி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பட்டறை மாடிக்கு எல்லோரையும் வரச் சொன்னார்.

மிஷின் எல்லாம் ஓய்வெடுக்கிற நாள். மாடியில் பாய் விரித்து, மசால் வடையும் காப்பியும் வைத்திருந்தார்கள். ராமுலு சார் சளி பிடித்துப் படுத்துவிட்டதால் வரவில்லை. அண்ணனின் தம்பி மகன் சுரேந்தர் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். முதலில் பெயர், முகவரி, நோக்கம். எல்லோரும் வடையில் கவனமாக இருந்தோம். பிறகு உறுப்பினர் பகுதி வந்தது.

"புதிதாக ஒருவரை உறுப்பினராகச் சேர்ப்பது குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தால், கூட்டத்தின் முடிவே இறுதியானது."

என் கையில் வடை அப்படியே நின்றது. சரி, நாம்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்று அடுத்த வரிக்குக் காத்திருந்தேன். சுரேந்தர் மேலே போனான்.

"கூட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஓட்டு இல்லை. உறுப்பினர்களுக்குள் தகராறு ஏற்பட்டால் கூட்டத் தலைவர் முதலில் விசாரிப்பார். தலைவர் இல்லாதபோது, கூட்டத்துக்கு ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்."

அப்போதும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சத்தியமாக! நாச்சியம்மாள்தான் கெடுத்தார். செங்கோடன் அண்ணனுக்கு அத்தை முறை, உடுமலைப்பேட்டையில் தோப்பை மகனிடம் கொடுத்துவிட்டு இங்கே தனியாக வந்து மாவு மில் நடத்துகிறவர். வெகுளி. மனசில் பட்டதைக் கேட்டுவிடுவார்.

"ஏஞ் சுரேந்தரு, கூட்டத்துக்கு ஒரு தலைவருன்னா நல்லதுதான். எங்க கூட்டத்துல இங்க நானு ஒருத்திதான இருக்கறேன்? அப்ப நானே தலைவருங்களா?"

நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவரவர் கூட்டத்தில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஜெப்ரி தம்பி பாவம், ஒன்றும் புரியாமல், "கூட்டம்னா நம்ம வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டமுங்களா? அதுக்கு நாந்தானுங்க தலைவர்," என்றான். மாடியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாக மோர் கொடுத்துக் கேட்டதை இப்போது சட்டமாகவே எழுதிவிட்டார்களே என்றுதான் தோன்றியது.

எழுந்து நின்றேன். "அண்ணா, ஒரே ஒரு கேள்விங்க. கூட்டம் இல்லாத எங்களுக்கு இதுல என்ன வேலைங்க?"

செங்கோடன் அண்ணன் திருதிருவென்று விழித்தார். "என்ன அம்மணி கேக்கறீங்க? கூட்டம் எல்லாத்துக்கும்தானுங்களே?"

"எல்லாத்துக்குமா? கூட்டத்துக்கு வெளிய இருக்கறவங்களுக்கு ஓட்டு இல்லைன்னு இதுல கொட்டை எழுத்துல போட்டிருக்குதுங்க! சேத்தறதும் கூட்டம், தீர்ப்பு சொல்றதும் கூட்டத் தலைவர். அப்பறம் ஆளு கொறையுதுன்னு கணக்குக்கா எங்களைக் கூப்பிட்டீங்க? இருபத்தஞ்சு தேறோணுமேன்னுதானுங்களே?"

"அருளு, உக்காரு," என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஆறு வீட்டுக் கதையும் வந்துவிட்டது. குரல் உடைந்துபோனது எனக்கே பிடிக்கவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் கத்தினேன். பிரதியை மடித்துப் பாயின்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். பின்னாலேயே மற்ற நாலு குடும்பமும் இறங்கிவிட்டது. ஜெப்ரி தம்பி வடையோடு இறங்கினான்.

இருபத்தேழில் ஐந்து போனால் இருபத்திரண்டு. சங்கம் அங்கேயே படுத்துவிட்டது. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்த வாரம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் டீயைத் தனியாகக் குடித்தார். "செங்கோடன் அப்புடி நெனைக்கற ஆளில்ல," என்று மட்டும் ஒருமுறை சொன்னார். "எழுதினது அவருதானே?" என்றேன். அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். கோபம் ஒரு பக்கம் இருக்க, கையில் வந்த வீட்டை நானே தட்டிவிட்டேனோ என்ற பயம் இன்னொரு பக்கம். மகள் லின்சி தன் அறைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று அதற்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவளிடம் என்ன சொல்வது?

நான் காந்திபுரத்தில் ஒரு பத்திரிகை அடிக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கம்ப்யூட்டரில் கோர்த்துப் பிழை பார்ப்பது என் வேலை. வியாழக்கிழமை மத்தியானம் செங்கோடன் அண்ணனும் அவர் மனைவி புவனாவும் கடைக்கு வந்து நின்றார்கள். அண்ணன் முகம் வாடிக் கிடந்தது.

"ஏனுங் அம்மணி, உள்ள வரலாமுங்களா?"

"வாங்கண்ணா, வாங்க அண்ணி," என்றேன். கோபமாக இருந்தாலும் நாற்காலியைத் துடைத்துப் போடாமல் இருக்க முடியுமா?

அண்ணன் உட்காரவில்லை. "நானு அந்த அர்த்தத்துல எழுதுலீங் அம்மணி. ராமுலு சார் குடுத்ததுல 'பேரவைக் கூட்டம்'னு இருந்துச்சுங்க. எல்லா உறுப்பினரும் கூடறதுக்கு அதுதான் பேராமுங்க. எனக்குப் பேரவைன்னாவே ஒரு மாதிரிங்க. நம்மூருல சாதிக்கு ஒரு பேரவை, கட்சிக்கு ஒரு பேரவைன்னு போர்டு வெச்சிருக்கறாங்கல்ல? நம்ம சங்கத்துல எல்லாருமிருக்கறாங்க, சாதிச் சங்கமாட்டத் தெரிஞ்சுபோடுமோன்னு பயந்துட்டு..."

"பயந்துட்டு?"

"பேரவைங்கறதை எங்கெங்க இருந்துதோ அங்கெல்லாம் எடுத்துப்போட்டனுங்க."

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சாதி வாடை அடிக்கக் கூடாதென்று பேரவையை வெட்டியிருக்கிறார். மிச்சம் நின்றது கூட்டம்! அம்மாடி! நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புவனா அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவருக்கு எதையும் சொல்லாம கொள்ளாம வெட்டறதுதானுங்க வேலை. ஊட்டுல கறிவேப்பிலைச் செடியவும் இப்படித்தான் வெட்டிப்போட்டாரு," என்றார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பாவமாக நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதெல்லாம் என்ற காதுல இன்னும் இருக்குதுங் அம்மணி," என்றார். "என்ற தோட்டத்து ஊட்டுல வாடகைக்குக் குடுக்கறப்ப நானும் அந்தக் கேள்வியக் கேட்டிருக்கறேனுங்க. தப்புன்னே தெரியாமக் கேட்டிருக்கறேன்."

அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றது. மனசுக்குள் இருந்த ஏதோ இறங்கியது போல இருந்தது. "சரி, உக்காருங்கண்ணா. நானும் ரொம்பத்தான் கத்திப்போட்டேன். காப்பி சொல்றேன்," என்றேன்.

காப்பி வருவதற்குள் நான் துணைவிதிகளைக் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டேன். "நீங்க வேற அர்த்தத்துல எழுதுலைன்னு நம்பறேனுங்க. ஆனா அண்ணா, நாளைக்கு நாமெல்லாம் இல்லாதப்ப இதைப் படிக்கறவனுக்கு உங்க மனசா தெரியும்? எழுத்துதான் தெரியும். அதனால எழுத்தைச் சரி பண்ணோணும்," என்றேன். ராமுலு சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

"அதுக்குத்தானம்மா வரையறைன்னு முதல்லயே ஒரு விதி வெக்கறது," என்றார் அவர், இருமிக்கொண்டே. "எந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வருதோ, அதுக்கு இந்தச் சங்கத்துல இதுதான் அர்த்தம்னு எழுதிடணும். பேரவையை எடுக்கவும் கூடாது. சட்டத்துல இருக்குற சொல் அது. எடுத்துட்டுக் கொண்டுபோனா ஆபீஸ்ல திருப்பித்தான் அனுப்புவாங்க."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் ஒரு காதுகுத்துக்கும் நடுவில் உட்கார்ந்து துணைவிதிகளைத் திருத்தினோம். பேரவை என்பது சங்கத்தின் எல்லா உறுப்பினர்களும் சேர்ந்தது. கூட்டம் என்பது முறைப்படி அறிவிப்புக் கொடுத்து உறுப்பினர்கள் கூடுவது மட்டுமே, வேறு எந்தப் பொருளும் அதற்கு இல்லை. இந்த ஒரு வரியை நான் தடித்த எழுத்தில் போட்டேன். உறுப்பினராவதற்குச் சாதி, மதம், குலம் எதுவும் தடையில்லை. விண்ணப்பத்தை நிர்வாகக் குழு பார்க்கும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

"காரணத்தை எழுத்துலயா?" என்றார் அண்ணன்.

"எழுத்துலதானுங்க. 'சொல்லியனுப்பறமுங்க' எல்லாம் ஆகாது!"

புவனா அண்ணி அதற்கும் சிரித்தார்.

ஓட்டு விதியில் அண்ணன் வெட்டியதுதான் பெரிய குழப்பம் என்று ராமுலு சார் விளக்கினார். மூலத்தில் இருந்தது வேறு: உறுப்பினருக்கு ஓர் ஓட்டு, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒன்றுதான். பேரவைக் கூட்டத்துக்கு நேரில் வந்தவர்தான் ஓட்டுப் போடலாம், தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியாது. அதைத்தான் அண்ணன் சுருக்கி, 'கூட்டத்துக்கு வெளியே' என்று ஆக்கியிருந்தார்.

அடுத்தது தகராறு. எதிரெதிராக நிற்கும் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூன்று உறுப்பினர்கள், அதில் ஒரு பெண், முதலில் பேசிப் பார்ப்பது என்று வைத்தோம். சொந்தமில்லாத என்ற சொல்லில் அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "அம்மணி, எங்க ஆளுங்கள்ல சொந்தமில்லாத ஆளைத் தேடறதுதான் கஷ்டமுங்க. எப்படியாவது ஒரு வழியில ஒறம்பரையாயிருவாங்க," என்றார்.

"அதுக்குத்தானுங்க நாங்க அஞ்சு குடும்பம் இருக்கறோம். உங்க சண்டைய நாங்க தீத்து வெக்கறோம், எங்க சண்டைய நீங்க தீத்து வைங்க," என்றேன். எங்கள் கோவில் ஆட்கள் எவ்வளவு சண்டை போடுவார்கள் என்று அண்ணனுக்குத் தெரியாது, பாவம்.

பேசித் தீராவிட்டால் பதிவாளரிடம் போகலாம் என்று எழுதினோம். "போகக் கூடாதுன்னு நீங்க எழுதினாலும் செல்லாதும்மா. சங்கத் தகராறைப் பதிவாளர்கிட்டக் கொண்டுபோறது சட்டம் குடுத்த வழி," என்றார் சார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான், காலையில் பங்குக் கோவில் பூசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அண்ணன் தானாகவே சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த ஒன்றில் எனக்கு அவர்மேல் இருந்த கடைசி மனத்தாங்கலும் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மறுபடியும் அதே மாடி. இருபத்தேழு பேரும் வந்தோம். ராமுலு சாரும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு விதியாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் சம்மதமா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். வரையறை வந்தபோது சுரேந்தர் தலையைச் சொறிந்தான்.

"இதெல்லாம் எழுதோணுங்களா அக்கா? நம்புளுக்குள்ள நம்பிக்கை இல்லீங்களா?"

"நம்பிக்கை இருக்கறதுனாலதான் தம்பி இப்பவே எழுதறோம். நம்பிக்கை போன பொறவு எழுத உக்காந்தா ஒரு வரி எழுத விடுவாங்களா?" என்றேன்.

நாச்சியம்மாள் தன் இடத்திலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு நானு ஏதோ வெவரமில்லாமக் கேட்டுப்போட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத," என்று என் முழங்கையைப் பிடித்தார். "இல்லீங்கம்மா, நீங்க கேட்டதுனாலதான் இதெல்லாம் வெளிய வந்துச்சு," என்றேன். உண்மையும் அதுதான். வரையறைக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. நான் ஒவ்வொரு கையையும் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது, சங்கத்தின் பெயர். பூமியின் பேரையே வைத்து ஆவாரங்காடு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை. காடு என்று போட்டால் யார் நம் வீட்டுக்கு விருந்தாடி வருவார்கள்? நான் ஆவாரம்பூ நகர் என்றேன். பத்து நிமிஷம் வாதாடினேன். பத்திரிகையில் அச்சடித்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்றேன். "பூவு வாடிப்போகுமுங்க, காடு நிக்குமுங்க," என்றார் ஒருவர். "நிக்கற காட்டுக்குள்ள பாம்பு வருமுங்க," என்றேன். சத்தம் ஏறியது. ராமுலு சார் கையைத் தூக்கி, ஓட்டுக்கு விட்டுவிடலாம் என்றார்.

துண்டுச் சீட்டில் அவரவர் எழுதி மடித்து, புவனா அண்ணியின் காலி வடைத் தூக்குவாளியில் போட்டோம். உறுப்பினர்களின் வீட்டுக்காரர்கள், வீட்டுக்காரிகள் எல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு ஓட்டில்லை. என் வீட்டுக்காரர் அங்கிருந்து எனக்குக் கையாட்டினார். ராமுலு சார் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து எல்லோருக்கும் காட்டி, சத்தமாக வாசித்தார். காடு. காடு. பூ. காடு. பூ. காடு. நாச்சியம்மாள் என் காதில், "நானு பூவுக்குத்தான் போட்டேன் கண்ணு," என்றார்.

ஆவாரங்காடு பதினெட்டு, ஆவாரம்பூ ஒன்பது. நான் தோற்றுவிட்டேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மறுபடியும் படியிறங்கிவிடுவேனோ என்று பயந்திருப்பார்கள் போலிருக்கிறது. செங்கோடன் அண்ணன் முகத்தில் வியர்வை. "அம்மணி, கோவமுங்களா?" என்றார்.

கோபமெல்லாம் இல்லை. முதல் தடவையாக ஒரு இடத்தில் என்னிடம் சீட்டு வாங்கி, பிரித்து, நாலு பேருக்குக் காட்டி, எண்ணி, அதன் பிறகு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கு முன்னால் இல்லை என்று சொன்னவர்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"எண்ணினீங்கல்லங்கண்ணா, அது போதும்," என்றேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று யாருக்கும் விளங்கவில்லை. பேனாவை வாங்கி, அண்ணன் மேலே ஆவாரங்காடு என்று எழுதி முடித்த விண்ணப்பத்தில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன்.